தனி எல்லை

பங்கு வியாபாரத்துக்கு என் கணவர் எழுதிய திட்டம் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆபீஸ் கிளம்பும் முன் ஒரு மணி நேரம்தான் வியாபாரம். முதல் கால் மணி நேரத்தின் உச்சத்தை விலை தாண்டினால் வாங்க வேண்டும். அதே கால் மணியின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கினால் நஷ்டத்தோடு விற்றுவிட வேண்டும். அந்த நஷ்டத்தைப்போல் இரண்டு மடங்கு லாபம் வந்தாலும் விற்றுவிட வேண்டும். ஒரே நாளில் ஆயிரம் ரூபாய் போய்விட்டால் கடையைக் கட்ட வேண்டும்.

இன்று ஆயிரம் போனது. கடையைக் கட்டிவிட்டார். நான் மெச்சி முடிப்பதற்குள் என் போனில் செய்தி வந்தது. அவரே எனக்குத் திறந்து கொடுத்த பங்குக் கணக்கிலும் ஆயிரம் போயிருந்தது.

"என் கணக்குல எதுக்கு வாங்குனீங்க?"

"உன் கணக்குக்குத் தனி எல்லை. நான் திட்டத்தை மீறவே இல்லையே."

அவர் ஆபீஸ் போனதும் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை என் பேர்லயும் ஒரு கணக்கு திறந்து குடுத்திருக்காருடி. தங்கமான மனுஷன்."