அறுபத்து நான்காம் நிலை மேற்பார்வை

அறுவை சிகிச்சைப் பிரிவில் மேற்படிப்பு முடிக்கப் போகிறவள் நான். மூன்று வருடமாகச் செய்த சிகிச்சைகளை ஒரு நோட்டில் கிறுக்கி வைத்திருந்தேன். தேதி, சிகிச்சை, மேற்பார்வை நிலை, கற்றது என்று அதை அட்டவணையாக்கி, பேராசிரியரின் கையெழுத்தோடு இன்று நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுதித் தேர்வு கிடையாது; இன்னும் ஆறு மாதம் மாரடிக்க வேண்டியதுதான்.

டைப் அடித்தது என் வீட்டுக்காரர். "நீ தூங்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். புத்தி கெட்டுப் போய் நானும் நம்பினேன்.

பேராசிரியர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்: "நிலை ஒண்ணுன்னா பாத்தது. ரெண்டு, கூட நின்னு உதவினது. மூணு, நான் பக்கத்துல நிக்க நீ செஞ்சது. நாலு, கூப்பிட்டா நான் வந்துடற மாதிரி இருக்க, நீ தனியா செஞ்சது. சரியாம்மா?"

"சரி சார்."

"கடைசி வரிசையில நிலை அறுபத்து நாலுன்னு இருக்கே. அன்னிக்கு நான் எங்கம்மா இருந்தேன்?"

மானம் போனது. முதல் வரிசையில் 'நிலை 3' என்று அடித்த மனுஷன், அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து அறுபத்திரண்டு வரிசைக்கும் கீழே இழுத்துவிட்டிருக்கிறார். கம்ப்யூட்டரும் சமர்த்தாக நாலு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. அவருக்குப் போன் போட்டேன்.

"அனுபவம் கூடக் கூட நிலையும் கூடுதுன்னு நெனச்சேன். பெருமையா இருந்துச்சும்மா."

இவரைத் திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. நோட்டைப் பார்த்து நான் ஒவ்வொன்றாகப் படிக்க, பேராசிரியர் ஒற்றை விரலால் நிலைகளைத் திருத்தினார். முப்பத்தொன்றாம் வரிசையில் விரல் நின்றது. நெஞ்சில் குழாய் போட்டது. நோட்டில் நிலையை எழுதாமல் விட்டிருந்தேன். கற்றது என்ற இடத்தில் அன்றைய கோபத்தில் கிறுக்கியதை என் வீட்டுக்காரர் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்து வைத்திருந்தார்: 'சார் கூப்பிட்டால் வரமாட்டார்.'

"மூணு போடவா?" என்றார் பேராசிரியர் மெதுவாக.

"நீங்க பக்கத்துல இல்ல சார்."

"அப்ப நாலு."

"ஆறு தடவை கூப்பிட்டேன் சார்."

மணி மூன்றே முக்கால். சும்மா தலையாட்டியிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே. தேர்வு போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

"இதுக்கு நம்பர் இல்லையேம்மா" என்றவர், கட்டத்தில் 'மேற்பார்வை இல்லை' என்று தானே அடித்தார்.

"அந்த ஆளு என்ன ஆனாரு?"

ஒன்றரை வருடம் கழித்துக் கேட்கிறார்.

"நடந்து வீட்டுக்குப் போனாரு சார்."

"செத்திருந்தா இதுல தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது சார். அதுக்குக் கட்டம் கெடையாது."

அச்செடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்தது, தேர்வுக்காக இல்லை.