நாலு மணிக்கு எடுப்பு

பழவேற்காட்டுக் கடைத்தெருவில், டச்சுக் கல்லறைக்குப் போகிற சந்தின் முனையில் ருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மீன்பிடி மானிய விண்ணப்பம், ரேஷன் கார்டுத் திருத்தம், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றையும் அடித்துக் கொடுப்பாள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதால் கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் காகிதங்களோடு அவளிடம்தான் வருவார்கள்.

அன்று காலை லைட்ஹவுஸ் குப்பத்துக் கோபால் வந்தான். செருப்பில்லாத கால். சட்டைப் பித்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"நைனா பூட்டாருக்கா" என்றான். "ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாரு. பொன்னேரி ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி."

அவன் அப்பா எல்லப்பனை ருக்குவுக்குத் தெரியும். நண்டு விற்கிற நாட்களில் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்.

கோபால் சொல்லச் சொல்ல அவள் தமிழில் அடித்தாள். பெயர், வயது, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். "சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பு. ஊருக்கு வடக்கால இருக்கிற இடுகாட்டுல நல்லடக்கம். அவ்ளோதான் போடுக்கா." சுவரில் ஒட்ட இருபது பிரதிகள் எடுத்துக் கொடுத்தாள். அவன் போகாமல் நின்றான்.

"இதையே இங்கிலீசுல ஒண்ணு வேணும். பெரியப்பா கிள்ளான்ல இருக்காரு இல்ல? அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் பொண்ணு லட்சுமிக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து தெரியாது. இங்கிலீசுல இருந்தா அதும் படிச்சிச் சொல்லும், மத்த சொந்தக்காரங்களும் பார்ப்பாங்க. பெரியப்பா வர முடியாது. வாரத்துல மூணு தபா ரத்தம் சுத்தம் பண்றாங்களாம்."

பெரியப்பாவின் பெயர் சடையன். எல்லப்பனுக்கு ஒரே அண்ணன். மீசை முளைக்கிற வயதில் மதராசில் கப்பலேறி மலேசியாவுக்குப் போய்க் கிள்ளானில் தங்கியவர், இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை வந்து போனதோடு சரி.

ருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினாள். மற்ற வரிகள் ஓடின. 'எடுப்பு' வந்த இடத்தில் நின்றாள். உடலை நாலு மணிக்குத் தூக்குவார்கள் என்று உள்ளபடியே ஆங்கிலத்தில் எழுதினாள். படித்துப் பார்த்தபோது ஏதோ மூட்டை தூக்குவது போல இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் படிப்பது, கௌரவமாக இருக்கட்டும் என்று அதை அழித்துவிட்டு, 'ஃபியூனரல், மாலை நான்கு மணி, இந்திய நேரம்' என்று போட்டாள். பார்வைக்கு அழகாக இருந்தது. கோபால் கொடுத்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே அனுப்பினாள்.

பகலில் லட்சுமியிடமிருந்து பதில் வந்தது. அப்பாவுக்கு இன்று டயாலிசிஸ் நாள். முடித்து வீட்டுக்கு வர மாலையாகிவிடும். உங்கள் நாலு மணிக்குச் சரியாக வீடியோவில் வருகிறோம், ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும் என்கிறார். கடையில் கூட்டம் நின்றது. ருக்கு சரி என்று பதில் போட்டு, பெரியப்பா வீடியோவில் வருவார் என்று மட்டும் கோபாலுக்கும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நாலரை தாண்டியபோது அவள் போனில் வீடியோ அழைப்பு வந்தது.

"அக்கா, நாலு மணிலேர்ந்து அடிக்கிறோம், கோபால் அண்ணன் போன எடுக்கவே இல்ல" என்றாள் லட்சுமி. "அப்பா குளிச்சிட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருக்காரு. இன்னும் ஆரம்பிக்கலையா?"

ருக்குவுக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. நாலு மணிக்கு எடுப்பு என்றால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, பெண்கள் கடைசியாக முகம் பார்த்து அழுது ஓய்ந்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். குப்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும். அவள் எழுதிய 'ஃபியூனரல், நான்கு மணி' கிள்ளானில் அதைப் படித்தவர்களுக்குச் சடங்கு தொடங்குகிற நேரம்.

"லைன்லயே இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்தபோது தெரு முழுக்கச் சாமந்தியும் பொரியும் கிடந்தன. எல்லப்பன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவர் மனைவி முத்தம்மாள் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"இடுகாட்டுக்கா போற? பொம்பளைங்க போறதில்லியே" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அவர் அண்ணன் முகம் பாக்கணும்" என்றாள் ருக்கு.

முத்தம்மாள் தலையைத் தூக்கினாள். "மாமாவா? அவர் பாக்கலியா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் "போ, வெரசாப் போ" என்றாள்.

மணலில் வண்டி திணறியது. சவுக்குத் தோப்போரம் போட்டுவிட்டு நடந்தாள், பிறகு ஓடினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. குழி மூடியிருந்தது. மேட்டின் மேல் மாலைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையோடு கோபால் திரும்பினான்.

"இன்னாக்கா?"

"பெரியப்பா. இப்பதான் வந்தாரு."

கோபால் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "முகம் பாக்கறவங்க பாத்துக்கங்கன்னு குழியாண்டகூட நிறுத்திக் கேட்டாங்களே. என் போன் வூட்டுல கெடக்குது. வூட்டுல யார் போன்லயாவது முன்னாடியே பாத்திருப்பாருன்னு நெனச்சேன்."

அவன் போனைக் கையில் வாங்கி மேட்டின் பக்கம் திருப்பினான். திரையில் வெள்ளை வேட்டி கட்டிய கிழவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டோம் பெரிப்பா."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"தலைய எந்தப் பக்கம் வச்சீங்க?"

"தெக்கால."

"சரி. எம்பேர சொல்லி ஒரு கைப்பிடி மண்ணு போடு."

கோபால் போட்டான். கிழவர் அந்தக் கையையே பார்த்தார். "நான் வந்தப்ப தாடி வச்சிருந்தான். இப்ப இன்னா மாதிரி இருந்தான்?"

கோபால் மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தான். ருக்கு போனை வாங்கிக்கொண்டாள். "தப்பு என்னுதுங்க. நேரத்த நாந்தான் சரியா எழுதல."

"நாலு மணின்னுதானம்மா எழுதியிருந்த" என்றார் சடையன். "நாங்க நாலு மணிக்குத்தான வந்தோம்." அவர் குரலில் கோபம் இல்லை. தேற்றுகிறாரா, குறை சொல்கிறாரா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோபால் மறுபடியும் வந்தான். 'ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள்' என்று தமிழில் ஒரே வரி. ருக்கு அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினாள். திங்கள் விடியுமுன் முத்தம்மாளின் தாலியைக் கழற்றி வாங்குவது, அதைப் பார்க்கலாமா கூடாதா என்பது, பிறகு கரையில் பிண்டம் வைப்பது, கோபாலுக்குத் துண்டு கட்டும் தலைக்கட்டு, சாப்பாடு. ஒவ்வொன்றும் எப்போது தொடங்கும், எப்போது முடியும், கிள்ளானில் அப்போது மணி என்ன. எழுதியதை அனுப்பிவிட்டு லட்சுமியைக் கூப்பிட்டு வாயாலும் சொன்னாள். அழகு பார்க்கவில்லை.

காரியம் குறையில்லாமல் நடந்தது. அங்கே சடையனும் தலைமுழுகி, பால்கனியில் விளக்கேற்றி வைத்துக் கடைசி வரை உட்கார்ந்திருந்தார் என்று ரெண்டு நாள் கழித்து லட்சுமி போனில் சொன்னாள். ருக்கு மூச்சு விட்டாள்.

"ஆனா அக்கா" என்றாள் லட்சுமி, "மறுநாள் ஆஸ்பத்திரி போறப்ப, எல்லப்பனுக்கு ஒரு போன் போடுன்னாரு. சித்தப்பா இல்லையேப்பான்னு சொன்னேன். நான் பாக்கலியேங்கிறாரு. இது மூணாவது வாட்டி."

ருக்கு போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் யாரோ ஆதார் கார்டை நீட்டி ரெண்டு பக்கமும் எடுக்கச் சொன்னார்கள்.