குளிசை தந்த இரத்தம்

பரீதாவுக்கு வந்தது மலேரியா என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு திருகோணமலையில் காய்ச்சல் எட்டிப்பார்க்காத வீடு குறைவு. போதாக்குறைக்கு அவளுடைய கணவன் ஸெய்னுதீனுக்கு மலேரியாத் தடுப்பு அலுவலகத்தில்தான் வேலை. கண்ணாடித் தட்டில் பூசிய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்பவன். இரவில் பாய் நனைய அவள் வியர்ப்பதைக் கண்டவன், ஒரு காலையில் அவள் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போனான். ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் எடுத்தான். அப்போதும் இல்லை. மருந்துக்கடைக்காரர் கொடுத்த கசப்புக் குளிசைகளை அவள் இரண்டு தரம் விழுங்கினாள். வியர்வை நிற்கவில்லை.

அது காய்ச்சல் மாதிரியும் இல்லை. தையல் மெஷினில் குனிந்திருப்பாள். நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் ஒரு சூடு கிளம்பிக் கழுத்தில் ஏறி முகம், காது எல்லாம் பரவும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிரும். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் உடம்புச் சூடு சரியாகவே இருக்கும். அனல் வீசும் கச்சான் காற்றுக் காலம், யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று மாமியார் அசனா உம்மா சொன்னார்.

பரீதாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மூன்று தங்கைகளைக் கரைசேர்த்த பிறகு, இருபத்தொன்பதில்தான் அவளுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டாம் வருடம் ஒரு கரு தங்கி மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதன்பிறகு எதுவும் தங்கவில்லை. கடந்த ஒரு வருடமாக மாதவிடாய் முறை தவறியிருந்தது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. பிறகு நான்கு மாதம் தொடர்ந்து வரவேயில்லை. மாதவிடாய் நாட்களில் தொழுகை விலக்கு; அசனா உம்மா ஐந்து நேரமும் மருமகள் தொழுவதைக் கவனித்துக்கொண்டேயிருந்தார். நான்காம் மாதம் அவளை வாளி தூக்க விடவில்லை. அயல்வீட்டாரிடமும் மெல்லச் சொல்லிவிட்டார்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டொக்டர் இரத்தினேஸ்வரி. அவசரப்படாத மனுஷி. எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை, சூடு எங்கே தொடங்குகிறது, உறவின்போது நோகிறதா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பரீதா தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றாள். அவளுடைய தாய்க்கு எந்த வயதில் நின்றது என்றும் கேட்டார். பரீதாவுக்குத் தெரியாது. தாய் மௌத்தாகிப் பத்து வருடம். இரத்தம் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. பதில் வந்ததும், ஒரு தரம் பார்த்ததை வைத்து முடிவு சொல்ல ஏலாது என்று ஆறு கிழமை கழித்து மறுபடியும் அனுப்பினார். இரண்டாவது பதில் வந்த அன்று இருவரையும் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"மூளைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் முட்டை உண்டாகிற சூலகத்தை வேலை செய்யச் சொல்லிக் கூப்பிடுறது. உங்கட சூலகம் பதில் சொல்லேல்ல. அதால அது இன்னும் இன்னும் பலமாக் கூப்பிடுது. ரெண்டு தரமும் இரத்தத்தில அதுதான் தெரியுது. மற்றப் பொம்பிளையளுக்கு ஐம்பதில வாறது உங்களுக்கு இப்பவே வந்திட்டுது."

ஸெய்னுதீன் தன் தொழில் வழக்கத்தில், என்ன கிருமியால் என்று கேட்டான். கிருமியால் இல்லை, அநேகம் பேருக்குக் காரணமே தெரிவதில்லை, இவள் செய்த பிழையும் ஒன்றுமில்லை என்றார் டொக்டர்.

"பிள்ளை?" என்று கேட்டாள் பரீதா.

"அருமையா எங்கயாவது ஒருத்தருக்குத் தானா வேலை செய்து தங்கினதா எழுதியிருக்கினம். ஆனா அதை நம்பிக்கொண்டு இருங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், மகள்."

எலும்பு கெடாமல் இருக்கவும் சூடு அடங்கவும் குளிசை எழுதிக் கொடுத்தார். இருபத்தொரு நாள் ஒரு குளிசை. அதில் கடைசிப் பத்து நாளும் கூடவே இன்னொன்று. பிறகு ஏழு நாள் ஒன்றும் இல்லை. அந்த ஏழு நாளுக்குள் இரத்தம் போகும். அது குளிசையை நிறுத்துவதால் போகிற இரத்தம்தான், சூலகம் விழித்துக்கொண்டது என்று எண்ணக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். ஐம்பது வயது வரை இப்படிக் குடிக்கவேண்டும்.

வீட்டில், ஹோர்மோன் குறைவாம், மருந்து தந்திருக்கிறார்கள் என்று மட்டும் ஸெய்னுதீன் தாயிடம் சொன்னான். மீதியைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் கிழமைக்குள் சூடு அடங்கத் தொடங்கியது. மாத முடிவில் இரத்தம் வந்தது. பரீதா அன்று தொழவில்லை. அசனா உம்மா அதைக் கண்டார். எழுந்துபோய் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதார். பொழுதுபடக் கோழி அறுத்துச் சமைத்து, ஈரலை மருமகளின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அடுத்த மாதமும் நாள் தவறாமல் வந்தது. "கணக்கு வந்திட்டுது, இனிப் புள்ளை வரும்" என்று அவர் அலுமாரியில் பிள்ளைத் துணிக்கென்று வைத்திருந்த பழைய வெள்ளைச் சீலையை எடுத்து வெயிலில் போட்டார்.

ஆறு வருடத்தில் பரீதா கண்டிராத பட்சம் அது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார், "மகள்" என்று கூப்பிட்டார். பொய் என்று தெரிந்துகொண்டே அதில் அவள் இளைப்பாறினாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பாள். பிறகு எண்ணெய்க் கையின் சூட்டில் அது கரைந்துபோகும். கணவனிடம் ஒருநாள் கேட்டாள், மாமியிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று. அவன் வெளியே பார்த்தபடி, உம்மா சிரித்துக் கனகாலம் என்றான்.

மூன்றாம் மாதம், கிண்ணியாவில் இருக்கும் மூத்த மகளுக்கு அசனா உம்மா செய்தி அனுப்பினார். மகனுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணை அங்கே பேசிவைத்திருந்தாராம்; இனித் தேவையில்லை, அவர்களை வேறு இடம் பார்க்கச் சொல் என்று. செய்தியைக் கொண்டுபோக வந்த உறவுக்காரர் போனபின் மாமியாரே இதைப் பரீதாவிடம் சொல்லி, அவள் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டார்.

 அந்தக் கைக்குப் பதில் சொல்லாமல் பரீதாவால் இனி இருக்க ஏலாது.

"மாமி, அது குளிசையால வாற இரத்தம். குளிசையை விட்டா வராது. எனக்குப் புள்ளை இல்லை. டொக்டர் அண்டைக்கே சொல்லிட்டா."

அசனா உம்மா மகனைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"ஓம்."

பிடித்திருந்த கை தளர்ந்தது. மறுநாள் காலை அவர் உடுப்பு மூட்டையோடு கிண்ணியாவுக்குத் தோணி ஏறினார்.

பேச்சு மறுபடி உயிர்பெற்றது. கிண்ணியாவிலிருந்து மூத்த சகோதரி வந்து, பெண் இன்னும் இருக்கிறாள் என்றாள். ஸெய்னுதீன் "எனக்கு வேணாம்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டான். பரீதாவுக்கு அதில் மகிழ்ச்சி வந்திருக்கவேண்டும். ஆனால் அவன் அதன்பிறகு அலுவலகத்திலேயே பொழுதைக் கழித்தான். வீட்டில் இருந்தால் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தான். என்மேல் வைத்த பட்சத்தாலா வேண்டாம் என்றீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"தெரியாது, பரீதா" என்றான். "எனக்குக் களைச்சுப்போச்சு."

பொய் சொல்லாமல் விட்டானே என்று அவள் தையலுக்குத் திரும்பினாள். மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டைகள். குளிசையை ஒரு மாதம் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். சூடு திரும்பி வந்தது, பாய் நனைந்தது. இரத்தம் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி குடிக்கத் தொடங்கினாள்.

ஏழு கிழமைக்குப் பிறகு அசனா உம்மா திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். பரீதாவிடம் அதிகம் கதைக்கவில்லை. எண்ணெய்ப் போத்தலைத் தொடவுமில்லை. அன்று பின்னேரம் அயல்வீட்டுப் பெண் வாசல் படலையில் நின்று, மருமகளுக்கு ஏதும் விசேஷமா என்று கேட்டாள். பரீதா மெஷினை நிறுத்தினாள். என்ன பதில் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கையில், முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அசனா உம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை. இனியும் இல்லை. அதை அவளிட்டக் கேக்க வேணாம்" என்றார். "கேக்கிறதெண்டா என்னட்டக் கேளுங்க."

அந்தப் பெண் போய்விட்டாள். அசனா உம்மா மீண்டும் கருவாட்டின் மேல் குனிந்தார். பரீதா மெஷினில் தலையை வைத்து, ஊசிக்கடியில் கிடந்த சின்னச் சட்டை நனைய அழுதாள். முற்றத்திலிருந்து யாரும் உள்ளே வந்து பார்க்கவில்லை.