அடிமை என்று முடித்த கடிதம்

மரியாயியின் விடைத்தாளைப் பள்ளிக்கூட அதிபரின் மேசையில் போட்ட வேகத்தில் மைக்கூடு ஆடியது. வீட்டுக்குப் போகும் உக்குவளை பஸ் போனால் போகட்டும் என்று ஸரீனா டீச்சர் நின்றாள்.

இந்தப் பரீட்சையில் தமிழில் தேறினால்தான் ஜி.சி.ஈ. அரசாங்கப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் பெயர் அனுப்பும். தேறாவிட்டால் மரியாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதுதான். அவள் அப்பா கங்காணியிடம் சொல்லியே வைத்துவிட்டார்.

தண்ணீர் அசுத்தம் பற்றிச் சுகாதாரப் பரிசோதகருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தது கேள்வி. உடைந்த தண்ணீர்ப் பீலி, அதற்கு மேலே மாட்டுப்பட்டி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகள், என்ன செய்ய வேண்டும் என்பது வரை மரியாயி எழுதியிருந்தாள். ஆனால் வலது மூலையில் விலாசம் இல்லை, திகதி இல்லை. ‘ஐயா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மகா கனம் பொருந்திய துரை சமூகத்துக்கு’. முடிவில் ‘தங்கள் பாதமே கதியென்றிருக்கும் அடிமை மரியாயி’.

கடைக்கார ஹுசைனின் மகனோ இரண்டே வரி கிறுக்கியிருந்தான். ஆனால் விலாசம், விளிப்பு, ‘இங்ஙனம், உண்மையுள்ள’ எல்லாம் அச்சடித்தாற்போல். அமைப்புக்கான புள்ளி முழுவதும் அவனுக்கு. மரியாயிக்கு அதில் ஒன்றுமில்லை. அதில்தான் அவள் விழுந்தாள்.

அதிபர் நடராஜா புள்ளித் திட்டத்தைக் காட்டினார். கொழும்பில் தாள் திருத்துகிறவனுக்கு மரியாயியையும் தெரியாது, பீலியையும் தெரியாது, அவனும் வெட்டத்தான் செய்வான் என்றார். அவர் சொன்னது சரி என்பதுதான் ஸரீனாவுக்கு வயிற்றெரிச்சல். பெயர் அனுப்ப முடியாது என்று கோப்பை மூடிவிட்டார்.

வெளியே மரியாயி நின்றாள்.

“ஏன் புள்ள விலாசம் எழுதல? படிச்சுத்தானே குடுத்தேன்?”

“நாங்க இருக்குற லயத்துக்கு ஏது டீச்சர் விலாசம்? காயிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்.”

“அடிமைன்னு எவன் எழுதச் சொன்னான்?”

“அப்பா துரைக்கு அப்படித்தான் எழுதுவாங்க. எழுதாட்டி பெரியகிளாக்கர் கிழிச்சுப் போட்ருவாரு. இங்க எழுதினா நீங்க வெட்டுறீங்க.”

ஸரீனாவுக்கு யார் மேல் கத்துவது என்று தெரியவில்லை. முதுகை வளைக்கப் பழக்கியவன் ஒருவன்; வளைந்ததற்குப் புள்ளி வெட்டுகிறவள் இவள்.

பள்ளிக்கூடம் அனுப்பாவிட்டால் என்ன, தனிப் பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

“பரீட்சை ஆணையாளருக்கு எழுது. விண்ணப்பப் பத்திரம் கேள். வலது பக்கம் மேல, உன் விலாசம்.”

மரியாயி யோசித்தாள். பிறகு மெதுவாக எழுதினாள்: மேற்பிரிவு லயம், கடைசிக் காம்பரா. தோட்டத்தின் பெயர். இரத்தோட்டை. திகதி. இடது பக்கம் ஆணையாளர். ஐயா.

கேட்க வேண்டிய விஷயத்தை எழுதி முடித்தாள். ‘இங்ஙனம், உண்மையுள்ள’ வரை வந்து பேனா நின்றது.

“கீழ வெறும் பேரு மட்டுமா டீச்சர்?”

“வெறும் பேரு மட்டும்.”

“மரியாதைக் கொறவா நெனைச்சுட்டாங்கன்னா?”

“நெனைக்கட்டும்,” என்றாள் ஸரீனா. “எழுது.”