குளிப்பாட்டும் கால்கள்

பேராச்சியின் காலில் நான் தவறவிட்டது ஒரே ஒரு நரம்பு. வெட்கம்தான் காரணம். பாதி அவளுடையது, பாதி என்னுடையது.

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு கட்டில் போட்ட கிளினிக் என்னுடையது. பிசியோதெரபிஸ்ட் சாதனா என்றால் கோபக்காரி என்றுதான் பேர். தாராவியிலிருந்து மாரிக்கண்ணன் தன் மனைவி பேராச்சியை டாக்ஸியில் அழைத்து வந்தபோது குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. நாலு கிலோ பையன், ஒன்றரை நாள் வலி. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு வலது கால் சரியில்லை.

"வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போட்டாங்க மேடம். அதுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றான் மாரிக்கண்ணன். சொல்லும்போது அவன் முகம் குற்றவாளி முகமாக இருந்தது.

"காலு வெளிய ஓடுதுக்கா, திரும்ப வரமாட்டேங்கு," என்றாள் பேராச்சி.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நான் கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. முட்டியைத் தட்டினேன், கால் துள்ளியது. நீட்டி உதைக்கச் சொன்னேன், உதைத்தாள். தொடையின் முன்புறமும் வெளிப்புறமும் பஞ்சால் தொட்டேன், தெரிகிறது என்றாள். கட்டிலைச் சுற்றிய திரை பாதிதான் மூடியிருந்தது, அவன் அங்கேயே நின்றான். அவள் நைட்டியை இரண்டு கையாலும் முட்டிக்கு மேல் இறுக்கிப் பிடித்திருந்தாள். தொடையின் உள்பக்கத்தை நான் தொடவே இல்லை.

"நரம்பெல்லாம் சரியா இருக்கு. பெத்த உடம்பு, அசதி. வீட்டு வேலையை மெதுவா ஆரம்பிக்கலாம்," என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு நாள் கழித்து மாரிக்கண்ணன் தனியாக வந்தான். குழந்தையைக் குளிப்பாட்டப் பேராச்சி மோரியில் உட்கார்ந்தாளாம். வீட்டு மூலையில் பாத்திரம் கழுவ, குளிக்க என்று கட்டியிருக்கும் இடம்தான் மோரி. கால் இரண்டையும் நீட்டிச் சேர்த்து, நடுவில் குழந்தையைப் போட்டு எண்ணெய் வழித்தபோது வலது கால் தானாக விலகிப் போனது. குழந்தை இடைவெளியில் வழுக்கி இறங்கியது. கடைசி நொடியில் அவள் அதன் அக்குளில் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல மேடம். இவதான் இப்ப புள்ளையத் தொடமாட்டேங்கா. பால் குடுக்கக்கூட நான் கொண்டுபோய் வைக்கணும். ஞாயித்துக்கிழமை எங்க அக்கா கீதா முலுண்டுலேர்ந்து வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாவ. பால்பொடி குடுத்து அங்கயே ஆறு மாசம் பாத்துக்கிடுவாவளாம்."

பேராச்சி சொன்ன வாக்கியம் அப்போதுதான் உள்ளே இறங்கியது. பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு தாராவிக்கு நடந்தேன்.

கீழே ஓர் அறை, மேலே ஏற இரும்பு ஏணி. பேராச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளிடமிருந்து நாலடி தள்ளித் தூளியில் கிடந்தது. நான் மாரிக்கண்ணனிடம், "குழந்தையை எடுத்துண்டு வெளியில போங்கோ. கதவைச் சாத்திடுங்கோ," என்றேன்.

பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் சரியாப் பாக்கலை. தப்பு என்னோடது. இன்னிக்கு முழுசாப் பாக்கணும், நைட்டியைத் தூக்கிக்கோ."

நம்பாமல் பார்த்தாள். ஆனால் தூக்கினாள்.

முதுகெலும்பின் இடுப்புப் பகுதியிலிருந்து வெளியே வரும் நரம்புகள் வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் தசைக்குள் பின்னிக்கொண்டு, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிகின்றன. வரிசையாகத் தொட்டேன். அடிவயிறும் தொடை இடுக்கும் மேல் கிளைகளின் இடம், தெரிந்தது. தொடையின் வெளிப்புறத் தோலுக்கென்று ஒரு நரம்பு, தெரிந்தது. தொடையின் முன்பக்கமும் முட்டிக்குக் கீழே உள்பக்கமும் முட்டியை நீட்டும் ஃபெமோரல் நரம்பின் பங்கு, தெரிந்தது. தொடையின் உள்பக்கம், முட்டிக்குச் சற்று மேலே பஞ்சு போனபோது அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

"இங்க?"

"எங்க?"

பேனாவால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். உள்ளங்கை அகலம் இருந்தது. அடுத்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் என் முஷ்டியை வைத்து நசுக்கச் சொன்னேன். இடது கால் நசுக்கியது. வலது கால் சும்மா சாய்ந்து நின்றது.

"மரத்துக் கெடக்குன்னு அன்னிக்கே தெரியும்க்கா. அவுக நிக்கும்போது அந்த எடத்தை எப்படிச் சொல்ல?"

"நீ சொல்லாட்டாலும் நான் கேட்டிருக்கணும்," என்றேன். "இதுக்குப் பேர் ஆப்டுரேட்டர் நரம்பு. முட்டியை நீட்டற நரம்பும் இதுவும் ஒரே எடத்துலேர்ந்துதான் கிளம்பறது. அது முன்பக்கம் போயிடும். இது இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள ஓரமா இறங்கி, எலும்புல இருக்கற ஓட்டை வழியாத் தொடைக்கு உள்பக்கம் வரும். ரெண்டு காலையும் சேத்துப் பிடிக்கற தசையெல்லாம் இதுகிட்டத்தான் இருக்கு. உன் பிள்ளை தலை பெரிசு. வெளியில வரச்சே இதை எலும்போட வச்சு அழுத்தியிருக்கு. முதுகு ஊசி பண்ணின வேலை மாதிரி தெரியலை."

"அப்ப நான் லாயக்கில்லாததால அவன் வழுக்கலியாக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லைடீ. அனேகமா சில வாரத்துல, போனா ரெண்டு மூணு மாசத்துல திரும்பிடும். நரம்பு டாக்டரையும் பாத்துடலாம்."

மறுநாள் பார்த்த நரம்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. தசை வரும்வரை காத்திருந்தால் பிள்ளை முலுண்ட் போய்விடும். அவளை மோரியில் உட்காரவைத்து, முட்டிக்கு மேலே இரண்டு தொடையையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டினேன். கால்கள் ஒட்டி நின்றன. மாரிக்கண்ணனை உள்ளே கூப்பிட்டேன்.

"நீங்க பக்கத்துலயே இருக்கணும். குழந்தையை நீங்க கையில வாங்கின அப்புறம்தான் துண்டை அவிழ்க்கணும். தண்ணியோட சூட்டைக் கையால பாருங்கோ, அவ தொடையை நம்பாதீங்கோ."

அவள் ஊற்றிய முதல் சொம்பு குழந்தைமேல் விழவே இல்லை. இரண்டாவது விழுந்தது, பையன் ஊரைக் கூட்டினான். கால் அசையவில்லை.

ஞாயிறன்று கீதா வந்து, பேராச்சி குளிப்பாட்டி முடிப்பதைக் கதவருகே நின்று பார்த்தாளாம். கொண்டுவந்த பால்பொடி டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு முலுண்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு வாரம் ஒரு முறை போனேன். என் தப்புக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை அது, ஃபீஸ் வாங்கவில்லை. படுத்தபடி காலை உள்ளே இழுப்பது, தலையணையை முட்டிக்கு நடுவில் நசுக்குவது, இதுதான் பயிற்சி. ஒவ்வொரு முறையும் பேனாக் கோட்டைப் புதிதாகப் போட்டேன். தசைதான் முதலில் வந்தது. ஏழாவது வாரம் துண்டை விட்டுவிட்டோம். மரத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. "அது வராட்டாலும் நடக்கலாம்," என்று சொல்லிவைத்தேன்.

ஒன்பதாவது வாரம். பேராச்சி கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தொடைமேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"அக்கா, சுடுது."

நான் பதறி வெந்நீர் வாளியைப் பார்த்தேன். அது எட்டத்தில் இருந்தது.

"தண்ணி இல்லக்கா. இவன் பேஞ்சுட்டான்."

குனிந்து பார்த்தேன். மரத்த இடத்தைச் சுற்றிப் போன வாரம் நான் போட்டு, பாதி அழிந்திருந்த கோட்டுக்குள்ளேயேதான் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. மாரிக்கண்ணன் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவள் அவன் கையைத் தடுத்தாள். கண் நிறைந்திருந்தது.

"தொடைக்காதீய," என்றாள். "செத்த நேரம் இருக்கட்டும்."