இரண்டு மணி நேர நிம்மதி

மெத்தைக்கடை மேலாளர் வேலை நேரத்தில் தூங்கிப்போனதை முதலில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதான கணவனும் மனைவியும் மெத்தை பார்க்க வந்திருந்தார்கள். இடுப்புக்கு எது நல்லது என்று அவர்கள் கேட்க, இவன் தானே ஒன்றில் ஏறிப் படுத்து, ஒருக்களித்துப் படுத்தால் தோள் எப்படி அமுங்காமல் இருக்கும் என்று விளக்க ஆரம்பித்தவன், பாதி வாக்கியத்தில் குறட்டை விட்டுவிட்டான். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று அந்த அம்மாள் கணவரைக் கேட்டு, அந்த மெத்தையையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பில் போட வேண்டிய ஆளைத்தான் எழுப்ப முடியவில்லை.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். பிறகு அவன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். அன்று பிற்பகல் தலைமை அலுவலகத்தோடு மாதாந்திரக் கூட்டம். அதை நினைத்தாலே அவனுக்குக் காலையிலிருந்து உள்ளங்கை நனையும். அதற்காகத்தான் அந்தப் பாட்டில். முதலாளி சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போ, டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் அக்காவுக்குப் போன் செய்தார்.

அக்காவுக்கு மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஊரின் எரிச்சலைக் காதில் வாங்குகிறவள். "இப்பதான் கரண்ட் போச்சு" என்று ஒருவர் சொன்னால், அது காலையிலேயே போய்விட்டதா இல்லையா என்பதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். தம்பி குடிக்கிறான் என்று அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். தினமும் குடிக்கிறான் என்பது தெரியாது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் துணைக்குத் தன் கணவரை அனுப்பினாள்.

கணவர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனையும் அவரே செய்வார். மைத்துனனை அழைத்துக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. வழி நெடுக, மனுஷனுக்குக் கட்டுப்பாடு வேண்டும், மனசைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அம்மா பாதி உரித்த ஆரஞ்சை மேஜையில் வைத்துவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் திட்டுவார், பக்கத்திலிருந்து பார்த்து ரசிக்கலாம் என்று அக்கா கணவரான மாமா எதிர்பார்த்து வந்திருந்தார். அது நடக்கவில்லை.

"குடிச்சா அந்தப் படபடப்பு அடங்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

மைத்துனன் மாமாவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அடங்குது டாக்டர்."

"அடங்கத்தான் செய்யும். அதுல பொய்யில்ல. அதனாலதான் இத்தனை பேர் அதுகிட்ட போறாங்க. எவ்வளவு நேரத்துக்கு?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்புறம்?"

அப்புறம் நடப்பதை டாக்டரே சொன்னார். மூளைக்குள் ஒரு அபாய மணி இருக்கிறது. சாராயம் அதன் மேல் தலையணையைப் போட்டு அமுக்குகிறது. மூளையும் சும்மா இருப்பதில்லை, தலையணையையும் மீறிக் கேட்கட்டும் என்று மணியின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறது. போதை இறங்கியதும் தலையணை போய்விடும், கூட்டின சத்தம் மட்டும் நிற்கும். விடியுமுன் முழிப்பு, கை நடுக்கம், நெஞ்சில் இறுக்கம் எல்லாம் அதுதான். தூக்கமும் அப்படியே: சீக்கிரம் வரும், பாதியில் உடையும். அவனோ அதையெல்லாம் தன் பயம் முற்றிவிட்டதாக நினைத்து, இன்னொரு டம்ளர் ஊற்றுகிறான்.

"இன்னொண்ணு. குடிக்காம நீங்க எத்தனை மீட்டிங் போயிருக்கீங்க?"

அவன் யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்போ குடிக்காம போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியாது. நல்லா பேசினதுக்கெல்லாம் பேரு பாட்டிலுக்குப் போயிடுது."

இந்த இடத்தில் மாமாவுக்கு வாய் துறுதுறுத்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, தானும் இதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிவருவதாகவும், குடி உடம்பைக் கெடுக்கும் என்றும், மனசு சரியில்லாதவர்களுக்கு இயற்கையாகவே வழி இருக்கிறது என்றும் ஆரம்பித்தார்.

"இயற்கையான்னா?"

"செடிதானே டாக்டர். சாயங்காலம் ரெண்டு இழுப்பு இழுத்தா மனசு பஞ்சு மாதிரி ஆயிடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"கடைக்கு வர்றவங்க."

"சரி. அவங்களுக்கு இப்பவும் ரெண்டு இழுப்பு போதுதா?"

"எங்க போதுது. இப்போ முழுசா ஒண்ணு வேணும். பாதியில நிறுத்தினா பிடிச்ச மாதிரியே இருக்காது… அப்படின்னு சொல்றாங்க."

"ஒரு நாள் கிடைக்கலைன்னா?"

"எரிச்சல் வரும். சோறு இறங்காது. தூங்கினா ஒரே கனவு. எதிர்ல நிக்கிறவங்க மேல எல்லாம் கோபம் வரும்" என்று மாமா கடகடவென்று சொல்லிவிட்டு, இருவரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். "சொல்றாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

"கடைக்கு வர்றவங்க உங்ககிட்ட ரொம்ப மனசு விட்டுப் பேசுறாங்க" என்றார் டாக்டர். ஆரஞ்சில் ஒரு சுளையை எடுத்துக்கொண்டார். "அவங்களையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

மைத்துனனுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் வீரம் காட்டாமல் தான் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும் என்றார். குடியை விட்ட பிறகு பயத்தைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது, இரண்டையும் சேர்த்தே பார்ப்போம் என்றும் சொன்னார்.

காருக்கு வந்ததும் மைத்துனன் சிரிக்க ஆரம்பித்தான். கதவைத் திறக்க முடியாமல் சிரித்தான்.

"மாமா, கடைக்கு வர்றவங்களுக்கு எத்தனை வருஷமா இந்தப் பழக்கம்?"

மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். குறிப்பாக ஒரு காரணம் என்று எதுவும் கிடையாதாம். ஒரு கட்டத்தில் காலையில் எழுந்திருப்பதே பாரமாகிவிட்டது. எதிலும் ருசி இல்லை. கடையின் பின்கதவுக்கு வெளியே நின்று புகைத்தபோது பாரம் குறைந்தது. இப்போது புகைத்தாலும் பழைய லேசு வருவதில்லை, புகைக்காவிட்டால் பாரம் இரட்டிப்பு. சிவந்த கண்ணுக்குக் கடையிலிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஊர் கண்ணையெல்லாம் பார்க்கிறவரின் கண்ணை யாரும் பார்க்கவில்லை. மனைவிகூட, அவர் இப்போதெல்லாம் எதற்கும் சண்டை போடுவதில்லை, பக்குவம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடாத மாப்ளே. நானே விட்டுடறேன். எனக்கென்ன டாக்டர்?"

அவன் வாக்குக் கொடுத்தான். கொடுத்திருக்கக் கூடாது.

மைத்துனன் மாத்திரையும் கையுமாக, வாரம் தவறாமல் டாக்டரிடம் போய்வந்தான். மாமா யாருக்கும் தெரியாமல் நிறுத்தினார். டாக்டரிடம் அவர் ஒப்பித்த அத்தனையும் வரிசையாக வந்து சேர்ந்தது. சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். படுக்கையை நனைக்கிற அளவுக்கு வியர்த்தது. கண்ணாடி அணிந்த குதிரைகள் கனவில் வரிசையில் நின்று எழுத்துப் பலகையைப் படித்தன. கடையில், எந்த லென்ஸ் போட்டாலும் கடைசி வரி தெரியவில்லை என்ற ஒருவரிடம், தெரியாவிட்டால் போங்களேன், அதில் அப்படியென்ன எழுதியிருக்கிறது என்று சீறினார். இது பழக்கத்தை விடும்போது வருவது, சில வாரங்களில் தணியும் என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. இதுதான் என் நிஜமான மனசு, புகை இல்லாவிட்டால் நான் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மைத்துனன் வெறும் தண்ணீர் பாட்டிலோடு போனான். பயம் ஏறும், ஏறட்டும், எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருங்கள், அது தானாக இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறியது. குரல் நடுங்கியது, எண்களை மாற்றிச் சொன்னான், ஒருவர் திருத்தினார். இதோ செத்தோம் என்று நினைத்தவன், பாதிக் கூட்டத்தில் தன் கை காய்ந்திருப்பதைக் கவனித்தான். அதன்பின் பேசினதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பேசினது அவன்தான்.

அந்தச் செய்தியை அவன் மாமாவிடம் சொன்னது வார விடுமுறை நாளில். மாமா போனிலேயே பாராட்டினார். பாராட்டிவிட்டு, தன்னால் முடியவில்லையே என்ற ஆற்றாமையில், ஒளித்துவைத்திருந்ததை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். புகார்ப் பிரிவுக்கு விடுமுறை கிடையாது, மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பழைய கணக்கிலேயே முழுதாக ஒன்றைப் புகைத்தார். இடையில் விட்டதால் உடம்பு அந்த அளவை மறந்திருந்தது அவருக்குத் தெரியாது.

நெஞ்சு தறிகெட்டு அடித்தது. சுவர் அவரை நோக்கி நகர்ந்து வந்தது. சாகப் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போனை எடுத்து, கடைசியாகப் பேசிய எண்ணை அமுக்கினார். மைத்துனனுக்குப் பிறகு, மாடி விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்க வேறொரு எண்ணுக்கும் பேசியிருந்தது அப்போது நினைவில்லை.

"வணக்கம், மின்சாரப் புகார்ப் பிரிவு. என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க."

"மாப்ளே, புகைச்சுட்டேன்டா. செத்துடுவேன் போலிருக்கு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

எதிர்முனையில் இருந்தது அக்காவேதான். அவள், அலுவலகக் குரல் மாறாமல், "எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பாத்ரூம்ல."

"கதவைத் திறந்து வையுங்க. தரையில உக்காந்து மெதுவா மூச்சு விடுங்க. ஆள் அனுப்புறோம்."

ஆள் மைத்துனன்தான். அவரை ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அள்ளிக்கொண்டு போனான். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிய இளம் டாக்டர், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மாமா, காப்பி என்றார்.

"கஞ்சா டாக்டர்" என்றான் மைத்துனன். "மறைச்சா உங்களுக்குத்தான் மாமா கஷ்டம்."

இதயத்தில் கோளாறில்லை. போதை கிளப்பிய பீதி, தானே இறங்கும் என்றார்கள். இறங்குவதற்குள் மனைவி வந்து கட்டிலருகே நின்றாள்.

"பக்குவம்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் அழுதார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆரஞ்சு டாக்டரிடம் அவரே போய் உட்கார்ந்து, மனச்சோர்வு என்ற சொல்லைத் தன்னைப் பற்றி முதன்முறையாகக் கேட்டுக்கொண்டார். மருந்தும் பேச்சுமாக மெதுவாகத்தான் நடந்தது. நடுவில் ஒரு முறை வழுக்கினார். மைத்துனனும் ஒரு கல்யாணத்தில் வழுக்கினான். இருவரும் அதை மறைக்காமல் போய்ச் சொன்னார்கள்.

பிறகொரு நாள் காலை, கூடத்துக்குப் பச்சைத் திரைச்சீலை வாங்கலாம் என்றாள் மனைவி. அவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, பச்சை போட்டால் வீடு மீன்தொட்டி மாதிரி இருக்கும் என்றார். அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. அவளுடைய ரசனை, அவளுடைய தம்பியின் ரசனை, கல்யாணத்தில் அவள் வீட்டார் போட்ட பந்தல் என்று வரிசையாக இழுத்து, அவர் மூச்சு வாங்கச் சண்டை போட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு இட்டிலியை அவர் தட்டில் வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டுவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்.