அட்டை உறைக்குள் நீலம்

சோப்பு வரிசையில் நின்ற அந்தப் பெண், முன்னால் இருந்த ஆண்டுவிழா பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு, கையைப் பின்னால் நுழைத்து வெறும் நீலப் பாக்கெட்டை எடுத்தாள்.

காலையிலிருந்து எல்லோரும் இதையேதான் செய்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, அந்தச் சோப்புக் கம்பெனி முதலாளியின் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. விளம்பரம் அவள் பொறுப்பு.

"ஏங்க, முன்னாடி இருக்கறதை விட்டுட்டீங்க?"

"அது பழைய ஸ்டாக்குங்க. எழுபத்தஞ்சுன்னு வேற போட்டிருக்கு. யாரோ தாத்தா போட்டோ."

உண்மையில் பின்னால் இருந்ததுதான் பழைய சரக்கு. அதே சோப்பின் மேல்தான் எழுபத்தைந்தாம் ஆண்டுக்காகப் பழுப்பு அட்டை உறையை மாட்டி, நிறுவனரான மாமனாரின் அப்பா படத்தைப் போட்டிருந்தார்கள்.

சூப்பர்மார்க்கெட் கொள்முதல் மேலாளர் கையை விரித்தார். "இந்த வாரமும் நகரலேன்னா உங்க ரேக்கை வேற கம்பெனிக்குக் குடுத்துருவேன். மத்த கிளைகளும் அப்படித்தான்."

ரேக் போனால் தொழிற்சாலையை மூட வேண்டியதுதான். காரில் கணவனிடம் அவள் வாய்விட்டு அழுதாள்.

"உறை டிசைனை நம்ம வீட்டுலயும் டீலர்கள்கிட்டயும்தான் காட்டினேன். நம்மமேல பாசம் உள்ளவங்க வேற என்ன சொல்வாங்க?"

"நானும்தானே தலையாட்டினேன்," என்றான் கணவன். "அப்பாகிட்ட நானும் வரேன். அடி விழுந்தா பாதி எனக்கு."

உறையை எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னதும் மாமனார் எழுந்தே விட்டார். "எங்கப்பா முகத்தைக் கிழிச்சுப் போடச் சொல்றியாம்மா?"

"தாத்தா அவர் முகத்தைக் காட்டியா வித்தார், மாமா? ஒரு சோப்பை ரெண்டு பேர் பாதியா உடைச்சுக்கட்டும்னு நடுவுல பள்ளம் வெச்சார். அந்தப் பள்ளம் இன்னிக்கும் இருக்கு. தனியா இருக்கறவங்க, ஊர் ஊராப் போறவங்க, எல்லாருக்கும் அது இப்பவும் வேணும். நாம அதை அட்டையால மூடிட்டோம். நீலம் இருக்கட்டும், பள்ளத்தை முன்னாடி காட்டுவோம். எழுபத்தஞ்சு பாக்கெட் பின்பக்கம் சின்னதா வந்தா போதும்."

"புது பாக்கெட் அச்சாகி வர்றதுக்குள்ள ரேக் போயிடும்ப்பா," என்றான் மகன். "இப்போதைக்கு உறையைக் கழட்டலாம்."

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடையில் மூவரும் தரையில் உட்கார்ந்து உறைகளை உருவினார்கள். தன் அப்பாவின் முகம் மடங்கிவிடாமல் ஒவ்வொன்றையும் பெட்டியில் அடுக்கினார் கிழவர். மருமகள் ஒரு சோப்பைப் பிரித்து, இரண்டாக உடைத்து, ரேக்கின் முன்னால் வைத்தாள். மேலாளர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளில் பயணப் பையோடு வந்த ஓர் இளம்பெண் குனிந்தாள்.

"பாதியா உடையுதே! இது புதுசாங்களா, ஐயா?"

போகிற இடமெல்லாம் எழுபத்தைந்து வருஷம் என்று மார்தட்டியவர் அவர். மருமகள் அவரையே பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றார். "உடைச்சுப் பாரு."